பால்ட் வந்த பிறகு ஜெனரேட்டருக்குக் கிடைக்கும் 189 மில்லிசெகண்ட்

மின்நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு லைனில் இடி விழுகிறது. பிரேக்கர் திறந்து அந்த லைனை வெட்டிவிடுகிறது. மிச்சம் ஒரு லைன் இருக்கிறது, அதன் வழியாகவே முழு மின்சாரமும் போகலாம், அதற்கு வேண்டிய திறனும் அதற்கு உண்டு. அப்படியிருந்தும் சில நேரம் ஜெனரேட்டர் கிரிட்டை விட்டுக் கழன்றுபோகிறது. பால்ட் போய்விட்டது, லைன் இருக்கிறது, பின்னே ஏன் கழல வேண்டும்? பிரேக்கர் எவ்வளவு சீக்கிரம் திறந்தது என்பதில்தான் பதில் இருக்கிறது. இந்தக் குறிப்பில் அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பத்தாம் வகுப்பு இயற்பியலும் கொஞ்சம் சைன், கொசைனும் போதும்.

கணக்குக்கு ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் அனல்மின் நிலையங்களில் பழக்கமான 210 மெகாவாட் யூனிட். அதன் ஜெனரேட்டர் 247 எம்.வி.ஏ., வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்று. டர்பைன், ஜெனரேட்டர் எல்லாம் ஒரே தண்டில் கோத்திருக்கும். அந்த மொத்த இரும்பும் 3000 சுற்றில் ஓடும்போது அதில் எவ்வளவு இயக்க ஆற்றல் இருக்கிறது என்பதைச் சொல்ல, துறையில் H என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். ஆற்றலை மெஷினின் எம்.வி.ஏ.யால் வகுத்தால் H வரும், அலகு வினாடி. நம் மெஷினுக்கு H = 4 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சுழலும் ஆற்றல் 4 × 247 = 988 மெகாஜூல். வீட்டுக் கணக்கில் சுமார் 274 யூனிட். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் இரண்டு மாத கரண்ட் பில் அளவுதான்! இவ்வளவு பெரிய மெஷினுக்கு இவ்வளவுதானா என்று முதலில் தோன்றும். ஆனால் இந்தக் கதை முழுக்க நடப்பது ஒரு வினாடியின் சிறு பகுதியில்தான், அதனால் இந்த 274 யூனிட்டே பெரிய மூலதனம்.

அடுத்தது கோணம். ஜெனரேட்டரும் கிரிட்டும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. ஆனால் ரோட்டார் கிரிட்டை விடக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி சுற்றும். அந்த முன்னோக்கிய கோணம்தான் δ. கிரிட் மிகப் பெரியது, நம் ஒரு மெஷின் என்ன ஆட்டம் போட்டாலும் அதன் வோல்டேஜும் பிரீக்வென்சியும் அசையாது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கிரிட்டுக்கு 'இன்பினிட் பஸ்' என்று பெயர். மெஷினிலிருந்து அந்தப் பஸ்ஸுக்குப் போகும் மின்திறன்:

```
Pe = (E·V / X) · sin δ
```

E என்பது மெஷினின் உள் வோல்டேஜ், V கிரிட் வோல்டேஜ், X இரண்டுக்கும் நடுவே உள்ள மொத்த ரியாக்டன்ஸ். இரண்டு சக்கரங்களை ஒரு ரப்பர் கயிற்றால் கட்டி ஒன்றாகச் சுற்றவிட்டது போல என்று நினைத்துக்கொள்ளலாம். முன்னால் போக நினைக்கும் சக்கரத்தைக் கயிறு பின்னுக்கு இழுக்கும். ஆனால் இந்தக் கயிற்றுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. 90 டிகிரி வரைக்கும் இழுக்க இழுக்க விசை கூடும், அதற்கு மேல் குறைய ஆரம்பித்துவிடும். ஆபத்து முழுக்க இந்தக் குணத்தில்தான் இருக்கிறது.

இப்போது ஸ்விங் ஈக்வேஷன், அதாவது ஊசலாட்டச் சமன்பாடு:

```
(2H/ω0) · d²δ/dt² = Pm − Pe
```

பெயர்தான் பெரிசு. விஷயம் நியூட்டனின் இரண்டாம் விதியேதான், சுழற்சிக்கு எழுதியிருக்கிறது. Pm டர்பைன் தள்ளும் திறன், Pe கிரிட் இழுத்துக்கொள்ளும் திறன். இரண்டும் சமமாக இருக்கும்வரை கோணம் மாறாது. டர்பைன் அதிகமாகத் தள்ளினால் ரோட்டார் முடுக்கம் பெறும், கோணம் விரியும். கிரிட் அதிகமாக இழுத்தால் வேகம் குறையும். ω0 என்பது 2π × 50 = 314.16.

மற்ற எண்களை 247 எம்.வி.ஏ. அடிப்படையில் பெர்-யூனிட்டில் எழுதிக்கொள்வோம். 210 மெகாவாட் என்றால் Pm = 0.85. மெஷினின் டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ் 0.30, டிரான்ஸ்பார்மர் 0.15, இரண்டு 220 கிலோவோல்ட் லைன்கள் ஒவ்வொன்றும் 0.40. இரண்டு லைனும் இணையாக இருக்கும்போது அவை சேர்ந்து 0.20, ஆகவே மொத்த X = 0.65. ஒரு லைன் போய்விட்டால் X = 0.85. E = 1.15, V = 1.0.

பால்ட்டுக்கு முன்னால் அதிகபட்சத் திறன் 1.15/0.65 = 1.769. அதில் 0.85 அனுப்ப sin δ = 0.480, கோணம் 28.7 டிகிரி. ஒரு லைன் போன பிறகு அதிகபட்சம் 1.15/0.85 = 1.353. அப்போதும் 0.85 அனுப்பலாம், கோணம் 38.9 டிகிரியில் நிற்கும். அதாவது ஆற அமர ஒரு லைனைக் கழற்றினால் ரோட்டார் 28.7-லிருந்து 38.9-க்கு நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு பிரச்னையும் இல்லை. நடுவில் வரும் பால்ட்தான் வில்லன்.

மூன்று பேஸும் சேர்ந்து ஷார்ட் ஆகிற பால்ட், அதுவும் மின்நிலையத்தின் 220 கிலோவோல்ட் பஸ்ஸுக்கு ஒட்டினாற்போல. அங்கே வோல்டேஜ் பூஜ்யம். வோல்டேஜ் இல்லாத இடத்தைத் தாண்டி மின்திறன் போக முடியாது, ஆகவே Pe = 0. ஆனால் டர்பைனுக்கு இது தெரியாது. நீராவி வால்வுகளால் 0.1 வினாடியில் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது, அதனால் Pm அதே 0.85 ஆகவே நீடிக்கிறது. 210 மெகாவாட் முழுக்க ரோட்டாரை முடுக்குவதிலேயே போகிறது.

முடுக்கம் மாறாமல் இருப்பதால் இந்தக் கட்டம் கல் விழுவது போன்ற எளிய கணக்கு. முடுக்கம் 314.16 × 0.85 / 8 = 33.4 ரேடியன்/வினாடி². கோணம்:

```
δ = δ0 + 16.69 · t²   (ரேடியனில்)
```

0.1 வினாடியில் கோணம் 28.7-லிருந்து 38.3 டிகிரி ஆகிறது. வேகம் நிமிடத்துக்கு 3000-லிருந்து சுமார் 3032 சுற்று. பார்க்க அற்பம், ஒரு சதவீதம்தான். பால்ட்டை இந்த நொடியில் வெட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கோணம் புதிய சமநிலையான 38.9-க்கு ஏறக்குறைய வந்தேவிட்டது. அப்போ அங்கேயே நின்றுவிடுமா? நிற்காது. கோணம் சரியாக இருக்கிறது, வேகம்தான் சரியாக இல்லை. கிரிட் 3000-ல் ஓடுகிறது, ரோட்டார் 3032-ல் ஓடுகிறது. கூடுதல் 32 சுற்றைத் தின்று தீர்க்கும்வரை கோணம் விரிந்துகொண்டேதான் போகும். ஊஞ்சல் நடுப்புள்ளிக்கு வந்தாலும் நிற்காமல் மறுபக்கம் போவதைப் போல.

அது எதுவரை போகும் என்பதைச் சமன்பாட்டைத் தீர்க்காமலே சொல்லிவிடலாம். இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு கும்பிடு. ஸ்விங் ஈக்வேஷனின் இரு பக்கத்தையும் dδ/dt-ஆல் பெருக்கித் தொகையிட்டால், இடப்பக்கம் வேக வித்தியாசத்தின் இருமடி வரும், வலப்பக்கம் (Pm − Pe)-ஐ δ மேல் தொகையிட்டது வரும். கோணம் தன் உச்சத்தைத் தொடும் நேரத்தில் வேக வித்தியாசம் பூஜ்யம். ஆகவே தொடக்கத்திலிருந்து உச்சம் வரை (Pm − Pe)-இன் மொத்தப் பரப்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும். கிடை அச்சில் கோணம், நிமிர் அச்சில் திறன் என்று படம் வரைந்தால், Pm கோட்டுக்குக் கீழே Pe கிடக்கும் பகுதி முடுக்கப் பரப்பு, Pm கோட்டுக்கு மேலே Pe எழும் பகுதி தடுப்புப் பரப்பு. இரண்டும் சமமாகும் இடத்தில் ரோட்டார் திரும்பும். இதுதான் சமப்பரப்பு விதி. நேரம் என்ற மாறியே காணாமல் போய்விட்டது பாருங்கள். வரவு செலவு கணக்கு மாதிரி: பால்ட் நேரத்தில் வாங்கிய ஆற்றலை, வெட்டிய பிறகு திருப்பிக் கட்ட வேண்டும்.

திருப்பிக் கட்ட எவ்வளவு இடம் இருக்கிறது? பால்ட்டுக்குப் பிந்தைய வளைவு 1.353 sin δ. அது Pm கோட்டை இரண்டு இடத்தில் வெட்டும். ஒன்று 38.9 டிகிரி, மற்றொன்று 180 − 38.9 = 141.1 டிகிரி. இந்த 141.1 ஒரு மலை முகடு போல. அதற்கு முன் ரோட்டார் திரும்பிவிட்டால் பிழைத்தது. தாண்டிவிட்டால் Pe மறுபடி Pm-க்குக் கீழே போய்விடும், தடுக்க வேண்டிய கிரிட் தோற்று, டர்பைன் மீண்டும் முடுக்க ஆரம்பிக்கும். அதற்கப்புறம் திரும்பி வர வழியே இல்லை.

100 மில்லிசெகண்டில் வெட்டினால் முடுக்கப் பரப்பு 0.85 × 0.1669 = 0.142. வெட்டிய கோணத்திலிருந்து முகடு வரை கிடைக்கும் தடுப்புப் பரப்பு 0.590. நாலில் ஒரு பங்குதான் செலவு, நிம்மதி. 160 மில்லிசெகண்டில் வெட்டினால் முடுக்கப் பரப்பு 0.363, கிடைப்பது 0.559. செலவு 65 சதவீதம். நேரம் 1.6 மடங்குதான் ஆனது, கடன் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. கோணம் t²-ஆக ஏறுவதன் விளைவு இது.

கடனும் கையிருப்பும் சரியாகச் சமமாகும் கோணம்தான் எல்லை. அதை δc என்போம்:

```
cos δc = (Pm/Pmax)·(δm − δ0) + cos δm
       = 0.6283 × (2.4622 − 0.5012) − 0.7780
       = 0.454
```

Pmax இங்கே 1.353, δm என்பது 141.1 டிகிரி, கோணங்கள் ரேடியனில். விடை δc = 63 டிகிரி, அதாவது 1.0995 ரேடியன். 28.7-லிருந்து 63-க்குப் போக எவ்வளவு நேரம்? t² = (1.0995 − 0.5012)/16.69, t = 0.189 வினாடி. தலைப்பில் உள்ள 189 இதுதான். 50 ஹெர்ட்ஸில் ஒன்பதரை சைக்கிளுக்குக் கொஞ்சம் குறைவு.

எனக்கு எந்தச் சூத்திரத்தையும் கோடு எழுதிப் பார்த்தால்தான் மனசு ஆறும் (தொழில் புத்தி). சமப்பரப்பைத் தொடாமல் ஸ்விங் ஈக்வேஷனை நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம்:

```python
from math import sin, asin, degrees, pi
H, Pm, E = 4.0, 0.85, 1.15
w0, dt = 2*pi*50, 1e-5

def peak(tc):
    d, w, t, top = asin(Pm*0.65/E), 0.0, 0.0, 0.0
    while t < 3 and d < pi:
        Pe = 0 if t < tc else E/0.85*sin(d)
        w += w0/(2*H)*(Pm - Pe)*dt
        d += w*dt
        t += dt
        top = max(top, d)
    return degrees(top)

for tc in (0.10, 0.16, 0.18, 0.20):
    print(tc, round(peak(tc)))
```

உச்சக் கோணம் 100 மில்லிசெகண்டுக்கு 72 டிகிரி, 160-க்கு 101, 180-க்கு 119. 200-க்கு 180 என்று காட்டும், அதாவது போச்சு. சமப்பரப்பு சொன்ன எல்லை 180-க்கும் 200-க்கும் நடுவில் சரியாக உட்காருகிறது. 119 டிகிரி வரை போய்த் திரும்பும் மெஷினைக் கவனியுங்கள். 90 டிகிரியைத் தாண்டினாலே எல்லாம் முடிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது மெதுவாக லோடு ஏற்றும்போதுதான் உண்மை. ஊசலாட்டத்தின் நடுவில் 90-ஐத் தாண்டிவிட்டு நல்லபடியாகத் திரும்பலாம். முகடு 141-ல் இருக்கிறது.

சரி, நிஜத்தில் 189 போதுமா? மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு கிரிட் தரநிலை விதிகள் பால்ட்டை வெட்ட அனுமதிக்கும் நேரம் 400 கிலோவோல்ட்டில் 100 மில்லிசெகண்ட், 220 கிலோவோல்ட்டில் 160. நம் மெஷின் 220-ல் இருக்கிறது, ஆகவே 29 மில்லிசெகண்ட் மிச்சம். ஒன்றரை சைக்கிள். தேறிவிட்டது, ஆனால் பார்டர் பாஸ்.

பிரேக்கர் மக்கர் பண்ணினால்? ரிலே உத்தரவு கொடுத்தும் பிரேக்கர் திறக்காவிட்டால், அந்தப் பஸ் பகுதியில் இருக்கும் மற்ற பிரேக்கர்களைத் திறக்கும் பேக்கப் ஏற்பாடு உண்டு. அதே விதிகள் அதற்கு மேலும் 200 மில்லிசெகண்ட் தருகின்றன. மொத்தம் 360. நம் மெஷினின் எல்லையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்று பேஸ் பால்ட்டும் நீடித்து, பிரேக்கரும் முழுக்க மாட்டிக்கொண்டால் இந்த மெஷின் பிழைக்காது. ஆனால் பிரேக்கரின் மூன்று போல்களையும் தனித்தனி இயக்கியால் திறக்கும்படி வைத்தால் மூன்றும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்வது அரிது. ஒரு போல் மட்டும் மாட்டினால் பால்ட் ஒரு பேஸில் மட்டுமே தொடரும், மற்ற இரண்டு பேஸிலும் மின்திறன் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கும், Pe பூஜ்யத்துக்கு விழாது. முடுக்கப் பரப்பு வெகுவாகச் சுருங்கும். ஒரு பிரேக்கரின் மெக்கானிகல் அமைப்பு, நாம் வரைந்த படத்தில் ஒரு பரப்பைக் குறைக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

எல்லையை எது கூட்டும், எது குறைக்கும் என்று எண்களை மாற்றிப் பார்த்தேன். லோடை 0.85-லிருந்து 0.70-க்கு இறக்கினால், அதாவது 173 மெகாவாட்டில் ஓட்டினால், 189 மில்லிசெகண்ட் 253 ஆகிறது. கடன் சேரும் வேகமும் குறைகிறது, திருப்பிக் கட்டும் இடமும் கூடுகிறது, இரட்டை லாபம். H பற்றிய பேச்சு இப்போதெல்லாம் அதிகம், சோலார் வந்து நிலைமம் குறைகிறது என்று. ஆனால் δc-க்கான சூத்திரத்தில் H-ஏ இல்லை. அது நேரத்தில் மட்டும் வருகிறது, அதுவும் வர்க்கமூலமாக. H பாதியானால் நேரம் பாதியாகாது, 189 சுமார் 134 ஆகும்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது E. எக்சைட்டேஷனைக் குறைத்து E-ஐ 1.15-லிருந்து 1.0-க்கு இறக்கினால் மெகாவாட் மாறாது. கிட்டத்தட்ட யூனிட்டி பவர் பாக்டரில் மெஷின் அமைதியாக 210 மெகாவாட் கொடுத்துக்கொண்டிருக்கும். ராத்திரியில் லோடு குறைந்து லைன் வோல்டேஜ் ஏறும்போது ஆபரேட்டர்கள் எக்சைட்டேஷனை இறக்குவது வழக்கம்தான். இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். தொடக்கக் கோணம் 33.5 டிகிரி, முகடு 133.7-க்கு இறங்கிவிட்டது, δc 55 டிகிரி, நேரம் 150 மில்லிசெகண்ட். அனுமதித்த 160-க்கும் கீழே! மெகாவாட் மீட்டரில் ஒரு மாற்றமும் இல்லாமல், பாஸ் ஆன மெஷின் பெயில் ஆகிவிட்டது. ஜெனரேட்டர் எவ்வளவு ரியாக்டிவ் பவரை உள்ளே இழுக்கலாம் என்பதற்கு ஸ்டேட்டர் சூடேறுவது மட்டுமல்லாமல் ஸ்டெபிலிட்டியும் எல்லை வைப்பது இதனால்தான்.

முகட்டைத் தாண்டிய மெஷினுக்கு என்ன ஆகும்? கோணம் 180-ஐத் தொடும்போது மெஷினின் உள் வோல்டேஜும் கிரிட் வோல்டேஜும் நேர் எதிர். நடுவில் எங்கோ ஒரு புள்ளியில் வோல்டேஜ் பூஜ்யமாகும். நம் எண்களில் அந்தப் புள்ளி மெஷினின் உள் வோல்டேஜிலிருந்து 0.85 × 1.15/2.15 = 0.455 தூரத்தில் வருகிறது. மெஷினும் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து 0.45. அதாவது கிட்டத்தட்ட மின்நிலையத்தின் 220 கிலோவோல்ட் பஸ்ஸிலேயே! பால்ட் போய்விட்டது, ஆனால் அங்கே இருக்கும் டிஸ்டன்ஸ் ரிலேயின் கண்ணுக்கு மறுபடி ஒரு மூன்று பேஸ் ஷார்ட் வந்தது போலத் தெரியும். இரண்டையும் பிரித்தறிய ரிலேக்கு ஒரே வழி, எண் எப்படி மாறியது என்று பார்ப்பது. உண்மையான பால்ட்டில் இம்பிடன்ஸ் ஒரே தாவலில் விழும். ஊசலாட்டத்தில் நடந்து வரும். அந்த நடையை அளந்து, ஊசலாட்டம் என்றால் லைன் ரிலேயைத் தடுத்துவைப்பதும், மெஷின் உண்மையிலேயே படி தவறிவிட்டது என்றால் ஜெனரேட்டரின் அவுட்-ஆப்-ஸ்டெப் ரிலே பிரேக்கரைத் திறப்பதும் நடக்கும். திறக்காமல் விட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டேட்டரில் ஷார்ட் சர்க்யூட் அளவுக்குக் கரண்ட் பாயும், தண்டு மாறி மாறி முறுக்கும்.

கணக்கில் நான் விட்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். E மாறாது என்று வைத்தேன், ஆனால் ஊசலாட்டம் நடக்கும்போதே ஏ.வி.ஆர். எக்சைட்டேஷனை ஏற்றி உதவும். தணிப்பையும் விட்டேன். அதனால் இது முதல் ஊஞ்சலுக்கான தீர்ப்பு மட்டுமே. முதல் ஊஞ்சலில் தப்பித்து, தணிப்புப் போதாமல் அடுத்தடுத்த ஊஞ்சல்களில் விழும் மெஷின்களும் உண்டு. முக்கியமாக, சமப்பரப்பு ஒரு மெஷின் எதிர் கிரிட், அல்லது இரண்டு மெஷின்கள் என்ற நிலைக்கே நேராகப் பொருந்தும். பத்து மெஷின் ஒன்றோடொன்று ஆடும்போது ஒரே ஒரு δ அச்சு என்பதே இல்லை. அங்கே மேலே எழுதிய மாதிரி லூப்பை எல்லா மெஷினுக்கும் சேர்த்து ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

கோடில் E-ஐ 1.0 ஆக மாற்றி, 0.16 வினாடியை மட்டும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.